இன்னும் வராத செலவை எப்போது எழுதுவது? வாரண்டி ஒதுக்கும் நேர்வுப் பொறுப்பும்

மேல்நிலை முதலாம் ஆண்டு கணக்குப்பதிவியலில் சரிக்கட்டுப் பதிவுகளை நடத்தும்போது, கொடுபட வேண்டிய சம்பளமும் முன்கூட்டிச் செலுத்திய வாடகையும் மாணவர்களுக்கு எளிதில் பிடிபட்டுவிடும். தொகை தெரியும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். ஐயக்கடன் ஒதுக்கு வந்ததும்தான் வகுப்பு தயங்குகிறது. "இன்னும் நட்டமே ஆகலையே சார், அதுக்குள்ள எப்படி எழுதறது?" என்று எப்படியும் ஒரு மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. அதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை முன்னெச்சரிக்கை மரபு: வரக்கூடிய நட்டத்திற்கு வழி செய், வரக்கூடிய இலாபத்தைக் கணக்கில் எடுக்காதே.

இந்த விடை பாதி தூரம்தான் கொண்டுபோகும். எச்சரிக்கை மட்டுமே காரணம் என்றால் அடுத்த ஆண்டு கடை தீப்பிடிக்கலாம் என்று பயந்து இந்த ஆண்டே ஐந்து லட்சம் செலவு எழுதலாமா? கூடாது. அப்படியானால் எந்தப் பயத்தை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்ற எல்லை எங்கே இருக்கிறது? அந்த எல்லையைக் காட்ட ஐயக்கடனைவிட வாரண்டி நல்ல எடுத்துக்காட்டு. மிக்சி, செல்போன், மோட்டார் என்று எல்லார் வீட்டிலும் ஒரு வாரண்டி அட்டை இருக்கும். இதே கேள்வி சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்று தீர்ப்பும் பெற்றிருக்கிறது.

ரோட்டார்க் வழக்கு

ரோட்டார்க் கன்ட்ரோல்ஸ் இந்தியா என்பது சென்னையில் வருமான வரி செலுத்திவந்த நிறுவனம். அது விற்றது வால்வ் ஆக்சுவேட்டர்கள். பெரிய குழாய்களில் உள்ள வால்வைக் கையால் திருகாமல், மோட்டார் விசையால் திறந்து மூடும் கருவி அது. விற்கும்போதே நிறுவனம் ஒரு வாக்குறுதி தந்தது: கருவி இயக்கத்துக்கு வந்த நாளிலிருந்து 12 மாதம், அல்லது அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இதில் எது முன்னதோ அதற்குள் பழுது வந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவோம், அல்லது பழுதான பாகத்தை மாற்றித் தருவோம்.

1991-92 மதிப்பீட்டு ஆண்டுக்கான கணக்கில் நிறுவனம் தன் விற்பனையில் 1.5 விழுக்காட்டை, அதாவது ரூ.10,18,800ஐ, வாரண்டிக்கு ஒதுக்கியது. உண்மையில் ஆன செலவைவிட ஒதுக்கு அதிகமாக இருந்ததால் ரூ.5,00,246ஐத் திருப்பி எழுதியது. மீதி ரூ.5,18,554ஐச் செலவாகக் காட்டி, வரிக்குரிய வருமானத்தில் கழிக்கக் கேட்டது.

வருமான வரி அதிகாரி மறுத்தார். அவருடைய வாதத்தை மாணவர்கள் உடனே ஏற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய கேள்விதான். ஆண்டு முடியும் நாளில் எந்தக் கருவி பழுதாகும் என்று யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் வந்து கேட்டால்தான் பொறுப்பு, கேட்காவிட்டால் இல்லை. எனவே இது நேர்ந்தால் மட்டும் வரக்கூடிய பொறுப்பு. இப்படிப்பட்டதை நேர்வுப் பொறுப்பு என்று இக்கட்டுரையில் சொல்வோம். நேர்வுப் பொறுப்பு செலவு ஆகாது. மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. சென்னை உயர் நீதிமன்றமோ விற்ற நாளில் எந்தக் கடப்பாடும் எழவில்லை என்று கூறி வரித்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 மே 12 அன்று நீதிபதி எஸ்.எச். கபாடியா எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நிறுவனத்தின் ஒதுக்கு செல்லும் என்றது.

தீர்ப்பில் ஒரு பகுதி அப்படியே நம் வகுப்புக்கு ஏற்றது. வாரண்டிச் செலவை எழுத மூன்று வழிகள் இருப்பதாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. பணம் செலவான ஆண்டில் எழுதுவது முதல் வழி. வாடிக்கையாளர் முறையிட்டதும் ஒதுக்கு உருவாக்குவது இரண்டாவது. கடந்தகால அனுபவத்தின்படி விற்பனையில் ஒரு விழுக்காட்டை விற்ற ஆண்டிலேயே ஒதுக்குவது மூன்றாவது.

முதல் வழியில் விற்பனை வருவாய் ஓர் ஆண்டிலும் அதே விற்பனைக்கான பழுதுச் செலவு அடுத்த ஆண்டிலும் விழும். பொருத்துகைக் கருத்து அங்கே உடைகிறது; நிகழ்வு அடிப்படையில் கணக்கு வைக்கும் நிறுவனம் இந்த ஒரு செலவுக்கு மட்டும் ரொக்க அடிப்படைக்குப் போய்விடுகிறது. இரண்டாவது வழி, வந்த முறையீடுகளை மட்டும் எண்ணுகிறது. வாரண்டிக் காலம் முடியும்வரை இன்னும் வரப்போகும் முறையீடுகள் அதில் இல்லை. அதனால் மூன்றாவதே பொருத்தம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

மூன்று கேள்விகள்

நிறுவனத்தின் வாதம் வென்றதற்குக் காரணமான மூன்று நிபந்தனைகள், இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் வெளியிட்ட கணக்கியல் தரம் 29இலும் பன்னாட்டுத் தரம் 37இலும் இருப்பவைதான். அவற்றைக் கேள்விகளாக்கிக் கரும்பலகையில் எழுதிவிடலாம்.

முதல் கேள்வி: நம்மைக் கட்டிப்போடும் நிகழ்வு ஆண்டு முடிவுக்கு முன்பே நடந்துவிட்டதா? இரண்டாவது: அதனால் பணமோ பொருளோ வெளியே போவதற்கான வாய்ப்பு, போகாமலிருக்கும் வாய்ப்பைவிட அதிகமா? மூன்றாவது: எவ்வளவு என்று நம்பத்தகுந்த மதிப்பீடு செய்ய முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் இந்த ஆண்டே செலவு எழுத வேண்டும். அது விருப்பமல்ல, கட்டாயம்.

மாணவர்கள் தடுமாறுவது முதல் கேள்வியில். வாரண்டியில் கட்டிப்போடும் நிகழ்வு எது? பெரும்பாலோர் 'பழுதாவது' என்பார்கள். இல்லை, விற்றதுதான் அந்த நிகழ்வு. வாக்குறுதியோடு சேர்த்துப் பொருளை விற்ற நொடியிலேயே நிறுவனம் மாட்டிக்கொண்டது. பிறகு அது தொழிலை மூடினாலும், பொருளை இனி தயாரிப்பதில்லை என்று முடிவெடுத்தாலும், ஏற்கெனவே விற்றதற்கான கடமையிலிருந்து தப்ப முடியாது. பழுது என்பது தொகையையும் தேதியையும் மட்டும் தீர்மானிக்கிறது. தப்ப முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது இதில் நல்ல உரைகல். கடை தீப்பிடிக்கலாம் என்ற பயம் இங்கேயே கழன்று விழுந்துவிடும்: ஆண்டு முடிவில் தீயும் பிடிக்கவில்லை, யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கப்படவில்லை.

வாக்குறுதி எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆனாலும் முகம் சுளிக்காமல் இலவசமாகச் செய்து தரும் வழக்கத்தை ஒரு நிறுவனம் ஆண்டுக்கணக்காக வைத்திருந்து, வாடிக்கையாளர்களும் அதை நம்பியே வாங்குகிறார்கள் என்றால், அந்த வழக்கமே கடப்பாடாகிவிடும் என்கிறது தரம்.

யாருடைய கடப்பாடு என்பதையும் கவனிக்க வேண்டும். தர்மபுரி கடைவீதியில் மிக்சி விற்கும் கடைக்காரர் தரும் அட்டை பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தினுடையது. சேவை மையமும் உதிரிபாகமும் அவர்கள் செலவு. அப்போது ஒதுக்கு தயாரிப்பாளரின் ஏட்டில் வரும், கடைக்காரரின் ஏட்டில் வராது. ஆனால் "ஒரு வருஷத்துக்கு நான் பொறுப்பு, நேரா எங்கிட்டயே கொண்டாங்க" என்று கடைக்காரரே தன் செலவில் சொல்லி விற்றால் கதை வேறு. மாணவர்களிடம் வீட்டிலுள்ள அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, யார் வாக்குத் தருகிறார்கள், எவ்வளவு காலத்துக்கு, எந்தப் பழுதுக்கு இல்லை என்று மூன்றையும் தேடச் சொன்னால் ஒரு பாடவேளை நன்றாகப் போகும். பொடி எழுத்தை வாசிக்கும் பழக்கமும் வரும்.

ஒன்று தெரியாது, ஆயிரம் தெரியும்

மூன்றாவது கேள்வியில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. ஒரு கருவியை எடுத்துக்கொண்டால் அது பழுதாகுமா என்று சொல்லவே முடியாது. பழுதாகாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் இரண்டாவது கேள்விக்கே 'இல்லை' என்றுதான் விடை வரும். வரி அதிகாரி பார்த்தது அந்த ஒன்றை. நீதிமன்றம் பார்த்ததோ மொத்தக் கூட்டத்தை. நுட்பமான கருவிகளைப் பெரும் எண்ணிக்கையில் தயாரித்து விற்கும் நிறுவனம், அவற்றில் சில பழுதானதாகக் கடந்தகாலப் பதிவு காட்டுகிறது என்றால், மொத்தத்துக்கும் சேர்த்து மதிப்பிட முடியும் என்பதே அதன் நிலை. தரம் 29உம் ஒரே மாதிரியான பல கடப்பாடுகளைத் தனித்தனியாக அல்ல, மொத்தமாகவே எடைபோடச் சொல்கிறது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. தர்மபுரிப் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. நூறு கொட்டைகளில் எட்டில் சுண்ணாம்புப் புள்ளி வைத்து ஒரு பையில் போடுங்கள். வகுப்பைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் பார்க்காமல் ஒரு கொட்டையை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்கி, இப்படி இருபது முறை எடுக்கட்டும். ஒரு குழுவுக்குப் புள்ளிக் கொட்டை ஒன்றுகூட வராது. இன்னொரு குழுவுக்கு நான்கு வரும். பத்துக் குழுக்களின் இருநூறு எடுப்புகளையும் கூட்டினால் பெரும்பாலும் பதினாறுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். அடுத்த கொட்டை எது என்று தெரியாதபோதே மொத்தம் ஏறத்தாழ எவ்வளவு என்று தெரிகிறது. கணித ஆசிரியரையும் கூட அழைத்துக்கொண்டால் நிகழ்தகவுப் பாடத்துக்கும் உதவும்.

ஒரு மோட்டார் நிறுவனத்தின் கணக்கு

இனி எண்களோடு பார்ப்போம். நிறுவனமும் எண்களும் கற்பனை. பொருள் மட்டும் நம் ஊர் விவசாயிகள் அனைவரும் அறிந்த போர்வெல் நீர்மூழ்கி மோட்டார்.

நான்கு கூட்டாளிகள் சமபங்கில் நடத்தும் ஒரு மோட்டார் தயாரிப்பு நிறுவனம், ஓர் ஆண்டில் 1,000 மோட்டார்களை ரூ.18,000 வீதம் விற்றது. மொத்த விற்பனை ரூ.1,80,00,000. விற்ற நாளிலிருந்து 12 மாதம் வாரண்டி. கடந்த ஆண்டுகளின் சேவைப் பதிவேட்டைப் பார்த்தால் நூறு மோட்டாரில் சராசரியாக 92 திரும்பி வருவதில்லை. ஆறு மோட்டார்களில் சீல், புஷ் போன்ற சிறு பழுது வருகிறது, ஒன்றுக்கு ரூ.1,500 ஆகிறது. இரண்டில் காயில் போய்விடுகிறது. மறுபடி காயில் கட்டி, பொருத்தித் தர ரூ.9,000 ஆகிறது.

ஆயிரம் மோட்டாருக்குக் கணக்கிட்டால் சிறு பழுது 60 × 1,500 = ரூ.90,000. பெரும் பழுது 20 × 9,000 = ரூ.1,80,000. மொத்தம் ரூ.2,70,000. இது விற்பனையில் 1.5 விழுக்காடு. ரோட்டார்க் நிறுவனத்தின் விழுக்காடும் அதுவே என்பதால் இந்த எண்களைத் தேர்ந்தேன். ஆனால் மாணவர்கள் கவனிக்க வேண்டியது, 1.5 என்பது எங்கிருந்தோ எடுத்துப் போட்ட எண் அல்ல, சேவைப் பதிவேட்டிலிருந்து கட்டி எழுப்பிய எண் என்பதைத்தான். பாடநூல் கணக்கில் 'கடனாளிகள் மீது 5% ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்குக' என்று எண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எண்ணும்போது ஒரு கண்ணி இருக்கிறது. கிணறு வற்றித் தண்ணீரில்லாமல் ஓடி எரிந்த மோட்டாரும், மின்னழுத்தம் குறைந்து எரிந்த மோட்டாரும் பொதுவாக வாரண்டியில் சேராது என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். கோடையில் பட்டறைக்கு வரும் எரிந்த மோட்டார்களை எல்லாம் எண்ணினால் ஒதுக்கு ஊதிப்போகும். நிறுவனம் தன் செலவில் செய்து கொடுத்தவற்றை மட்டும் எண்ண வேண்டும்.

இந்த ரூ.2,70,000இல் ஆண்டுக்குள்ளேயே வந்த முறையீடுகளுக்கு ரூ.1,10,000 செலவாகி எழுதப்பட்டுவிட்டது என்று கொள்வோம். மார்ச் 31 அன்று இன்னும் வாரண்டி முடியாத மோட்டார்களுக்காக நிற்பது ரூ.1,60,000. குறிப்பேட்டுப் பதிவு:

வாரண்டிச் செலவு க/கு ப — 1,60,000
வாரண்டி ஒதுக்கு க/கு — 1,60,000

செலவு இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது. ஒதுக்கு, இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கத்தில் அமர்கிறது. அடுத்த ஆண்டில் அந்தப் பழைய மோட்டார்களுக்கு உதிரிபாகமாகவும் கூலியாகவும் ரூ.1,35,000 செலவானால், அது புதிய ஆண்டின் செலவு அல்ல:

வாரண்டி ஒதுக்கு க/கு ப — 1,35,000
உதிரிபாக இருப்பு / ரொக்கம் க/கு — 1,35,000

அடுத்த மார்ச் 31இல் பழைய வாரண்டிகள் எல்லாம் முடிந்துவிட்டன. மிஞ்சிய ரூ.25,000க்கு இனி எந்தக் கடப்பாடும் இல்லை. அதை அப்படியே விட்டு வைக்கக் கூடாது:

வாரண்டி ஒதுக்கு க/கு ப — 25,000
இலாப நட்டக் க/கு — 25,000

ரோட்டார்க் நிறுவனம் ரூ.5,00,246ஐத் திருப்பி எழுதியதும் இதே வகைப் பதிவுதான்.

எழுதாவிட்டால் யாருக்கு நட்டம்?

'ஒரு வருடம் முன்னே பின்னே எழுதினால் என்ன, மொத்தச் செலவு அதேதானே' என்று தோன்றலாம். மேல்நிலை இரண்டாம் ஆண்டில் வரும் கூட்டாளி விலகல் பாடத்தை இங்கே கொண்டுவந்தால் விடை தெரியும். மேலே சொன்ன நால்வரில் ஒருவர் அந்த மார்ச் 31 அன்று விலகுகிறார். வாரண்டி ஒதுக்கு எழுதப்படவில்லை. இலாபம் ரூ.1,60,000 கூடுதலாகத் தெரிகிறது. அதில் நான்கில் ஒரு பங்கு ரூ.40,000ஐயும் சேர்த்து வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். அவரும் சேர்ந்து விற்ற மோட்டார்கள் ஆடி மாதத்தில் பழுதாகித் திரும்பும்போது செலவு முழுவதையும் மீதி மூவர் ஏற்க வேண்டும். புதிதாகச் சேரும் கூட்டாளி இருந்தால் தாம் பங்கு பெறாத விற்பனைக்கு அவரும் பணம் கட்டுவார்.

மறுமதிப்பீட்டுக் கணக்கில் 'பதியப்படாத பொறுப்பு' என்று ஒரு வரி வருமே, அதற்கு நாம் பெரும்பாலும் கொடுபடாத பில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். வாரண்டி ஒதுக்கு அந்த வரிக்கு உயிருள்ள எடுத்துக்காட்டு. அங்கே மறுமதிப்பீட்டுக் கணக்கைப் பற்று வைத்து, வாரண்டி ஒதுக்குக் கணக்கை வரவு வைக்க வேண்டும்.

நேர்வுப் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

அதே மோட்டார் நிறுவனத்தின் மீது ஒரு விவசாயி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரை உரிய காலத்தில் சரிசெய்து தராததால் தக்காளிப் பயிர் காய்ந்துவிட்டது, ரூ.3,00,000 இழப்பீடு வேண்டும் என்கிறார். ஆண்டு முடிவில் வழக்கு நிலுவையில் இருக்கிறது. இப்போது என்ன எழுதுவது?

இங்கே எண்ணிப் பார்க்க ஆயிரம் வழக்குகள் இல்லை. இருப்பது ஒன்று. அதனால் சராசரி உதவாது. அந்த வழக்கின் ஆவணங்களையும் வழக்கறிஞரின் கருத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். தோற்கவே வாய்ப்பு அதிகம், தொகையும் ஏறத்தாழ இவ்வளவு என்று சொல்ல முடியும் என்றால் ஒதுக்கு எழுத வேண்டும். தோற்க வாய்ப்பு உண்டு, ஆனால் வெல்வதற்கான வாய்ப்பே கூடுதல் என்றால் அது நேர்வுப் பொறுப்பு: குறிப்பேட்டில் பதிவு கிடையாது, இலாபமும் குறையாது. ஆனால் நிதிநிலை அறிக்கைகளின் குறிப்புகளில், இப்படி ஒரு வழக்கு இருக்கிறது, கேட்கும் தொகை இவ்வளவு என்று சொல்ல வேண்டும். தோற்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றால் அந்தக் குறிப்பும் தேவையில்லை.

ஒரே வழக்கு அடுத்த ஆண்டு இடம் மாறலாம் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு குறிப்பாக மட்டும் இருந்தது, ஆணையம் கேட்ட வல்லுநர் அறிக்கை நிறுவனத்துக்கு எதிராக வந்துவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்காக மாறும். பழைய ஆண்டின் கணக்கு தவறு என்று அதற்குப் பொருளல்ல. அன்று கையில் இருந்த தகவலுக்கு அதுவே சரி.

வேறொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. எதிர்காலத்தில் உறுதியாக வரப்போகும் செலவை எல்லாம் ஒதுக்கு என்று எழுதிவிடுவார்கள். தனியார் பேருந்து வைத்திருப்பவருக்கு அடுத்த ஆண்டு எஃப்.சி.க்காக வண்டியைச் சீரமைக்கும் செலவு வரும். அதில் சந்தேகமே இல்லை. வாரண்டியைவிட உறுதியான செலவு அது. ஆனாலும் இந்த ஆண்டு ஒதுக்கு எழுதக் கூடாது. ஏன்? அவர் நினைத்தால் வண்டியை அதற்கு முன்பே விற்றுவிடலாம். அப்போது அந்தச் செலவு இல்லை. மார்ச் 31 அன்று அவர் யாருக்கும் கட்டுப்பட்டிருக்கவில்லை. இங்கேதான் முதல் கேள்வியின் அருமை தெரிகிறது. செலவு உறுதியா என்பது அளவுகோல் அல்ல. ஏற்கெனவே கட்டுப்பட்டுவிட்டோமா என்பதே அளவுகோல். வாரண்டியையும் எஃப்.சி.யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'எது உறுதியானது? எது ஒதுக்கு?' என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். அந்த வாதத்தை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம்.

கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு தனியாக விற்கும் 'நீட்டித்த வாரண்டி' இந்தக் கணக்கில் சேராது. அங்கே நிறுவனம் ஒரு சேவையை விற்கிறது. வாங்கிய பணத்தையே முன்கூட்டிப் பெற்ற வருமானமாக வைத்து, காலத்துக்கேற்ப வருமானமாக்க வேண்டும்.

ஒதுக்கைக் கொண்டு ஏமாற்றினால்

மதிப்பீடு என்ற சொல் இருக்கும் இடத்தில் கை நீளவும் வாய்ப்பு இருக்கிறது. இலாபம் நன்றாக வந்த ஆண்டில் 1.5க்குப் பதில் 4 விழுக்காடு ஒதுக்கி, இலாபத்தையும் வரியையும் குறைத்துக்கொண்டு, மந்தமான ஆண்டில் 'மிஞ்சியது' என்று திருப்பி எழுதி இலாபத்தைத் தூக்கிக் காட்டலாம். வரித்துறையின் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உச்ச நீதிமன்றமும் இதை விட்டுவிடவில்லை. ஒதுக்கியதையும் உண்மையில் செலவானதையும் நிறுவனம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டை ஆண்டுதோறும் திருத்த வேண்டும். வாரண்டிக் காலம் முடிவை நெருங்க நெருங்க ஒதுக்கும் குறைய வேண்டும். ஒதுக்கு வழக்கமாகப் பயன்படாமல் திருப்பி எழுதப்படுகிறது என்றால் அந்தக் கொள்கையையே ஆராய வேண்டும் என்றது. வருமான வரிக் கணக்கீட்டுக்கென 2016இல் தனியே அறிவிக்கப்பட்ட தரமோ, 'வாய்ப்பு அதிகம்' என்பதற்குப் பதில் 'நியாயமான அளவு உறுதி' என்ற சற்றே கடினமான சொல்லைப் பயன்படுத்துகிறது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதற்கு மாணவர்களின் பேரேட்டு அறிவே போதும். பட்டியலிடப்பட்ட வாகன, மின்சாதன நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அவற்றின் குறிப்புகளில் வாரண்டி ஒதுக்குக்கு ஒரு சிறிய அட்டவணை இருக்கும்: தொடக்க இருப்பு, ஆண்டில் கூட்டியது, பயன்படுத்தியது, திருப்பி எழுதியது, இறுதி இருப்பு. அது நாம் வரையும் 'வாரண்டி ஒதுக்குக் கணக்கு'தான், செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவே.

நம் மோட்டார் நிறுவனத்துக்கு அந்த அட்டவணையை எழுதினால் தொடக்க இருப்பு 1,60,000, பயன்படுத்தியது 1,35,000, திருப்பியது 25,000. ஒதுக்கியதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. ஒரு மதிப்பீட்டுக்கு இது மோசமில்லை. இதுவே பயன்படுத்தியது 40,000, திருப்பியது 1,20,000 என்று ஓர் ஆண்டு வந்தால் காரணம் கேட்கலாம். புதிய வடிவமைப்பில் பழுது குறைந்திருக்கலாம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அப்படியே வந்தும் விழுக்காடு மாறாமல் இருந்தால், அந்த எண் சேவைப் பதிவேட்டிலிருந்து வரவில்லை என்று சந்தேகிக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: ஒதுக்கு ஒவ்வோர் ஆண்டும் பாதியிலேயே தீர்ந்து, மீதிச் செலவு நேராக இலாப நட்டக் கணக்கில் விழுந்தால், முந்தைய ஆண்டுகளில் காட்டிய இலாபம் கூடுதல் என்று பொருள்.

ஐந்து வரி அட்டவணையை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறுவனம் என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டு பாடவேளையில் முடித்துவிடலாம். தமிழ் வழி மாணவர்களுக்கு அறிக்கையின் ஆங்கிலம் தடையாக இருக்கும் என்பதால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து, ஐந்து வரித் தலைப்புகளுக்கும் பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.